ஒரு போர், இரண்டு தோட்டம்: மணிக்கணக்கு பொய்த்த கோடை

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை ஏமாற்றியது. சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பே காங்கேயம் பக்கத் தோட்டங்களில் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்று வாங்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கோடையில் இந்த வட்டாரத்தில் பல தோட்டங்களில் தலைதூக்கிய ஒரே வகைத் தகராறை இங்கே ஒரு நேர்வாகக் கோத்திருக்கிறோம். அளவுகள் அந்தப் பகுதிப் போர்களுக்குப் பொருந்தும் மாதிரி அளவுகள். ஆட்களுக்குப் பெயர் வைக்கவில்லை.

நிலவரம்

மேட்டுத் தோட்டம் இரண்டு ஏக்கர். ஏக்கருக்கு எழுபது வீதம் 140 தென்னை, எல்லாம் காய்ப்பு மரம். பள்ளத் தோட்டமும் இரண்டு ஏக்கர்தான். அதில் ஒரு ஏக்கர் கம்பு நேப்பியர் தீவனப்புல், மீதி ஒரு ஏக்கர் மானாவாரிச் சோளம். கட்டுத்தறியில் நான்கு கறவை மாடுகள். அந்தத் தோட்டத்தை நடத்துவது ஒரு பெண். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே பூமி. விற்றுப் பிரித்தபோது, போரிலும் மின் இணைப்பிலும் இருவருக்கும் சரிபாதி பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். எப்படிப் பிரித்துக்கொள்வது என்று மட்டும் எழுதவில்லை. பெரும்பாலான பத்திரங்களில் இப்படித்தான் இருக்கும்.

போரின் ஆழம் 700 அடி, விட்டம் ஆறரை இஞ்ச். மேலே மண்ணும் உக்கல் கல்லும் இருக்கும் வரைக்கும் கேசிங் பைப், அதற்குக் கீழே வெறும் பாறை. மோட்டார் ஏழரை எச்.பி. நீர்மூழ்கி, 600 அடியில் தொங்குகிறது. மழை நன்றாக இருந்த ஆண்டுகளில் நீர்மட்டம் 120 அடியில் நிற்கும், மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் தண்ணீர் அறுபடாது. அந்த நாட்களில் பங்கீடு நேரத்தை வைத்துத்தான். மும்முனை மின்சாரம் வரும் பகல் தவணை ஆறு மணி நேரத்தில் முதல் மூன்று மேட்டுக்காரருக்கு, அடுத்த மூன்று பள்ளத்துக்காரருக்கு. இரவுத் தவணை மூன்று மணி நேரம், ஆளுக்கு ஒரு நாள். கடிகாரம் பார்த்து கேட்வால்வைத் திருப்பினால் வேலை முடிந்தது. பத்து ஆண்டுக்கு மேல் இதில் ஒரு சொல் எழவில்லை.

தகராறு

மாசி மாதத்தில் பள்ளத் தோட்டத்துப் புல் காயத் தொடங்கியது. அதே நாட்களில் மேட்டுத் தோட்டத்துத் தொட்டி வழக்கம்போல முக்கால்வாசி நிறைந்துகொண்டிருந்தது.

"உங்க மொறையில தொட்டி ரொம்புது. எங்க மொறை வந்தா காத்துத்தானுங்கண்ணா வருது."

"ஆளுக்கு மூணு மணி நேரந்தான அம்மிணி ஓட்டறோம்? இதுல நா ஏமாத்தறதுக்கு என்ன இருக்குது?"

இருவர் சொன்னதும் உண்மை. அவர் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஓட்டவில்லை. அவருடைய முறையில் முதல் இருபது நிமிடம் தண்ணீர் முழுக் குழாயாக வந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, அவர் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அவர் கைவிட்ட இடத்தில் இந்த அம்மா தொடங்கினார், முதல் நிமிடத்திலேயே குழாய் துப்பத் தொடங்கியது.

பங்குனியில் மோட்டார் எரிந்தது. எரிந்தது பள்ளத்துக்காரர் முறையில். "உன்ற மொறையிலதான போச்சு" என்று மேட்டுக்காரர் செலவில் பாதி தர மறுத்தார். மேட்டுக்காரர் இரவில் திருட்டுத்தனமாக ஓட்டுகிறார் என்று இவர் சந்தேகப்பட்டார். இரண்டு சண்டைக்கும் விடை போருக்குள்ளேயே இருந்தது.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மூன்று பேஸில் ஒன்று போய் எரிந்திருந்தால் சுருளின் ஒரு பகுதி கருகியும் மறு பகுதி புதுக் கம்பிபோல மினுங்கியும் இருக்கும். இங்கே மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தன. பம்பின் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் சூட்டில் நெளிந்திருந்தன. வறண்டு ஓடியதற்கான அடையாளம் இது. நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் நின்றால் மோட்டார் தன் சூட்டிலேயே வேகும்.

ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருந்தும் ஏன் கைகொடுக்கவில்லை? அது மின்னோட்டம் கூடினால்தான் விழும். வறண்டு ஓடும்போது பம்புக்குத் தூக்க வேண்டிய சுமையே இல்லாததால் ஆம்பியர் குறைகிறது. இந்த மோட்டார் தண்ணீரோடு ஓடும்போது 13 ஆம்பியர் எடுத்தால், காற்றை வாங்கும்போது 9க்கு இறங்கும். ரிலேயின் கண்ணுக்கு அது நல்ல செய்தி. எந்த முறையில் எரிந்தது என்ற கேள்விக்கே பொருளில்லை. பல வாரங்களாக இருவர் முறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்த சுருள், கடைசியில் ஒருவர் கையில் உயிரை விட்டது.

அளந்து பார்த்தது

மோட்டார் மேலே வந்திருக்கும் நாள்தான் அளவுக் குழாய் இறக்க வாகான நாள். பிறகு இதற்கென்று மறுபடியும் மோட்டாரை ஏற்றி இறக்க யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள். ரீவைண்டிங் முடிந்து மோட்டாரை இறக்கும்போது, அரை இஞ்ச் எச்.டி.பி.இ. குழாய் ஒன்றைத் தண்ணீர்க் குழாயோடு இருபது அடிக்கு ஒரு கட்டாகச் சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். அதன் அடி வாய் திறந்தபடி பம்பின் உறிஞ்சுவாய்க்கு நேராக, 600 அடியில் நிற்கிறது. மேல் முனையில் ஒரு அழுத்தமானி, ஒரு டயர் வால்வு. அளக்க வேண்டியபோது பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் காற்றை ஏற்ற வேண்டும். முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்றும் காற்று அடி வாய் வழியாகக் குமிழியாகப் போய்விடும். முள் நின்ற அளவில் ஒரு பி.எஸ்.ஐ.க்கு 2.31 அடி வீதம், குழாய் வாய்க்கு மேலே அத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பொருள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். கேபிளும் குழாயும் நிறைந்த ஆறரை இஞ்ச் துளைக்குள் கயிறு சிக்கினால் மோட்டாரே மாட்டிக்கொள்ளும்.

இரவு முழுவதும் ஓய்வு கொடுத்த பிறகு காலையில் முள் 95இல் நின்றது. அதாவது 220 அடி தண்ணீர், நீர்மட்டம் 380 அடியில். ஆறரை இஞ்ச் துளையில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். விட்டமும் கொள்ளளவும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. 220 அடிக்குக் கணக்குப் போட்டால் 1,430 லிட்டர். இரவெல்லாம் போர் சேர்த்து வைத்த மொத்தச் சொத்து இவ்வளவுதான். நூறு அடி நூறு அடியாகத் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லும்போது மனக்கண்ணில் ஒரு கிணறு தெரிகிறது. உண்மையில் அங்கே நிற்பது ஒன்றரைச் சிறு பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர்.

அடுத்து 200 லிட்டர் பேரலை வைத்து மோட்டாரின் வேகத்தை அளந்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 லிட்டர். இருபது நிமிடத்தில் குழாய் துப்பியது, முள் 5 பி.எஸ்.ஐ.க்கு வந்திருந்தது. உடனே நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்து எழுதினார்கள். முதல் இருபது நிமிடத்தில் 31, நாற்பதாவது நிமிடத்தில் 50, ஒரு மணி நேரத்தில் 64. மூன்று மணி நேரம் கழித்து 91.

இந்த நான்கு எண்களுக்குள் தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் இருபது நிமிடத்தில் 26 பி.எஸ்.ஐ. ஏறியது என்றால் 60 அடி, 390 லிட்டர். அடுத்த இருபதில் 285 லிட்டர். மூன்றாவது இருபதில் 210தான். துளைக்குள் மட்டம் தாழ்ந்திருக்கும்போது பாறை வெடிப்புகளிலிருந்து ஊத்து வேகமாக இறங்குகிறது. மட்டம் ஏற ஏற, உள்ளே இருக்கும் தண்ணீரே ஊத்தை எதிர்த்து அழுத்துகிறது. கடைசியில் ஊத்து நின்றேவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் போர் நிறையும் என்பது சரி. ஓய்வை நீட்டிக்கொண்டே போனால் தண்ணீரும் கூடிக்கொண்டே போகும் என்பது தவறு. மூன்று மணி நேர ஓய்வில் ஏறக்குறைய நிறைந்துவிட்ட போர், மீதி இரவு முழுவதும் சும்மா நிற்கிறது.

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். போர் நன்றாக இருந்த காலத்தில் மோட்டாரின் வேகத்துக்கு ஊத்து ஈடுகொடுத்தது. அப்போது நேரம் வேறு தண்ணீர் வேறு அல்ல, மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரத் தண்ணீர். ஊத்து நிமிடத்துக்கு இருபது லிட்டருக்குக் குறைந்த பிறகு, முதலில் ஓட்டுகிறவர் இரவெல்லாம் சேர்ந்த 1,430 லிட்டரையும் எடுத்து, தன் நேரத்தில் ஊறியதையும் எடுக்கிறார். மேட்டுக்காரருக்கு மூன்று மணி நேரத்தில் 5,000 லிட்டரை ஒட்டிக் கிடைத்தது. பின்னால் வந்தவருக்கு ஊறுவது மட்டுமே. அதையும் அவர் முழுதாக எடுக்கவில்லை. மாட்டு வேலைக்கு இடையில் மணிக்கு ஒருமுறை வந்து ஓட்டினார். அதற்குள் மட்டம் ஏறி ஊத்து தணிந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு 2,200 லிட்டர் போல வந்தது. கடிகாரம் ஆளுக்குப் பாதி கொடுத்தது, போர் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தது.

இன்னொரு சின்னக் கோளாறும் அப்போது அகப்பட்டது. ஸ்விட்ச் போட்டபின் தண்ணீர் மேலே வர நான்கு நிமிடம் ஆகிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். 600 அடி நீள இரண்டு இஞ்ச் குழாயில் 360 லிட்டர் பிடிக்கும். பம்பின் மேலுள்ள நான் ரிட்டர்ன் வால்வு ஒழுகினால், நிறுத்தியவுடன் அவ்வளவும் போருக்குள் இறங்கிவிடும். மறுபடி போடும்போது 90 லிட்டர் வேகத்தில் குழாயை நிரப்பவே நான்கு நிமிடம். தண்ணீர் வீணாகவில்லை, ஆனால் அடிக்கடி நிறுத்தி ஓட்ட வேண்டிய போரில் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் மோட்டார் வெட்டி வேலை பார்க்கிறது. வால்வு நன்றாக இருந்தால் சில நொடிகளில் தண்ணீர் தலைகாட்டும். மோட்டார் மேலே இருந்தபோதே வால்வை மாற்றியாயிற்று.

வேண்டாம் என்று விட்டவை

முதலில் எல்லாரும் சொல்வது, மோட்டாரை இன்னும் இறக்குங்கள் என்று. 600இலிருந்து 660க்கு இறக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் சேமிப்பு அறுபது அடி, 390 லிட்டர். அதுவும் முதல் ஓட்டத்துக்கு மட்டும். ஊத்து 600 அடிக்கு மேலேயே இருந்தால் இறக்குவதால் ஊத்து கூடாது. அதற்குக் கீழே போவதும் சரியில்லை, 700 அடிப் போரின் கடைசி முப்பது நாற்பது அடியில் சேறு தங்கியிருக்கும்.

அதே போரை ஆயிரம் அடிக்கு ஓட்டலாமே என்பது அடுத்த யோசனை. இந்தப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகும். நல்ல தண்ணீர் பெரும்பாலும் மேல் பகுதியிலேயே அகப்பட்டுவிடும். ஆயிரம் அடியில் தண்ணீர் கண்டவர்களும் உண்டு, அவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும். புகை மட்டும் பறந்த போர்களைப் பற்றி, ஓட்டியவரே பேச மாட்டார்.

போர் வண்டிக்காரர் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்வதையும் இங்கே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அது குழாய் அளவல்ல. முக்கோண வெட்டு உள்ள தகட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்பதன் அளவு. 90 பாகை வெட்டில் ஒரு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர்தான். இரண்டு இஞ்ச் என்றால் 48 லிட்டர், மூன்று இஞ்ச் என்றால் 130க்கு மேல். ஒன்று இரண்டானால் தண்ணீர் ஐந்தரை மடங்கு. ஒன்றரை இஞ்ச்சை இரண்டு என்று தூக்கிச் சொல்லும் வாய்வார்த்தையில் பாதித் தண்ணீர் காணாமல் போகும்.

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. ஆளுக்கு ஒரு போர் போட்டுக்கொண்டு தனித்தனியாகப் போய்விடலாம் என்று இருவருமே ஒரு கட்டத்தில் நினைத்தார்கள். சட்டம் பெரிதாகத் தடுக்காது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, வரையறுத்த வாய்க்காலாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் நிலத்துக்குள் எடுத்துக்கொள்வது நிலத்துக்காரர் உரிமை. தமிழ்நாடு 2003இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013இல் நீக்கப்பட்டுவிட்டது. தடுப்பது பாறைதான். இருநூறு அடி தள்ளிப் போடும் புதுப் போர் அதே வெடிப்பில் விழுந்தால், நிமிடத்துக்கு இருபது லிட்டர் என்ற ஊத்து இரண்டாகப் பிரியுமே தவிரக் கூடாது. ஆழமான போர் தன் மட்டத்தைக் கீழே கொண்டுபோய் மற்றதை வற்றடிக்கும். பிறகு அவரும் ஆழப்படுத்துவார். லட்சக்கணக்கில் செலவழித்து, இருக்கும் தண்ணீரையே பங்கு போட்டுக்கொள்ளும் வேலை இது.

பங்கீட்டுத் தொட்டி

செய்த மாற்றம் இரண்டு. ஒன்று, போரை மனிதர்கள் ஓட்டுவதை நிறுத்தினார்கள். மற்றது, நேரத்தை விட்டு லிட்டரைப் பங்கு வைத்தார்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் வறண்டு ஓடுவதைத் தடுக்கும் ரிலேயும் டைமரும் சேர்த்தார்கள். ஆம்பியர் 11க்குக் கீழே இறங்கிச் சில நொடி நீடித்தால் மோட்டார் நின்றுவிடும். 25 நிமிடம் கழித்துத் தானாக ஓடும். 25 என்ற எண் முள் காட்டிய எண்களிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் ஊத்து இன்னும் வேகமாகவே இருக்கும், 475 லிட்டர் போலச் சேர்ந்திருக்கும். ஏழு நிமிடம் ஓடினால் அந்தச் சேமிப்பும் ஓடும்போது ஊறுவதும் சேர்ந்து 600 லிட்டர் வரும். இதைவிடக் குறைத்தால் மோட்டாரை ஓயாமல் நிறுத்தித் தொடங்குவதாக முடியும், ஒரு மணி நேரமாகக் கூட்டினால் ஊத்து வீணாகும். இரண்டு மின் தவணையும் சேர்ந்த ஒன்பது மணி நேரத்தில், முதல் ஓட்டங்களின் சேமிப்பையும் கூட்டினால், நாளைக்கு 12,000 லிட்டரை ஒட்டி வந்தது.

ரிலேயை அமைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கோடையில் மாலை நேரம் மின்னழுத்தம் சரிந்தால் மோட்டார் எடுக்கும் ஆம்பியர் மாறும். மின்னழுத்தம் நன்றாக இருந்தபோது வைத்த 11, மாலையில் வறட்சியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். இரண்டு நேரத்திலும் குழாயைத் துப்பவைத்து, ஆம்பியரைப் பார்த்தே எண்ணை முடிவு செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊத்து குறையக் குறைய 25 நிமிடமும் போதாமல் போகும்.

பெரிய மோட்டாரை மாற்றி, மூன்று எச்.பி.யில் அடுக்குகள் கூடிய சிறு பம்பு போடுவது இன்னும் நல்லது. நிமிடத்துக்கு இருபது லிட்டரை அந்த ஆழத்திலிருந்து தூக்க அதுவே போதும், நிற்காமல் ஓடும். ரீவைண்டிங் செலவுக்கே சண்டை நடந்த நேரத்தில் புது பம்பு பற்றிப் பேச முடியவில்லை. ஏழரை எச்.பி. பம்பின் கேட்வால்வை முக்கால்வாசி மூடி ஓட்டுவது இதற்கு மாற்றாகாது. மோட்டாரைச் சுற்றி ஓடும் தண்ணீர் குறைந்து அதுவும் சூட்டில்தான் முடியும்.

மோட்டார் குழாய் வந்து விழும் இடத்தில் மூன்றடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. நடுவே குறுக்காக ஒரு தடுப்பு, விழும் தண்ணீரின் அலை அதில் அடங்கி அடிவழியே மறுபுறம் அமைதியாக வரும். அந்தப் புறத்தில் ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு முக்கோண வெட்டுகள், ஒன்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய், மற்றதிலிருந்து பள்ளத் தொட்டிக்கு ஒரு குழாய். மோட்டார் எப்போது ஓடினாலும், முழுக் குழாயாக வந்தாலும் துப்பி வந்தாலும், வருவது அப்போதே இரண்டாகிறது. யார் முறை என்ற கேள்வியே எழாது. இரவில் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை, யாரையும் சந்தேகிக்கவும் வேண்டியதில்லை.

இதில் தவறு நேர்வது மட்டத்தில். ஒவ்வொரு வெட்டிலும் நிமிடத்துக்கு 45 லிட்டர் போகும்போது தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான் வழியும். ஒரு வெட்டு மற்றதைவிட மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் 15 சதவீதம் கூடுதலாகப் போகும். கொத்தனாரின் கண் மட்டம் இதற்குப் போதாது, டியூப் லெவல் வைத்துத்தான் தகட்டைப் பதிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பக்கெட்டை ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே முதல் நாள் பள்ளத்துப் பக்கெட் முன்னே நிறைந்தது. "இப்ப நீ ஏமாத்தற அம்மிணி" என்று மேட்டுக்காரர் சிரித்தாராம். தகட்டைக் கழற்றி மறுபடி பதித்தார்கள். பாசியும் ஓணானும் அடைக்காமல் வாரம் ஒருமுறை துடைப்பது மேட்டுக்காரர் வேலை என்று முடிவாயிற்று.

ஆளுக்கு 6,000 லிட்டர்

பங்கு சரியானதும் அடுத்த கேள்வி, இதை வைத்து எதைக் காப்பது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோடையில் சொட்டுநீரில் தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 65 லிட்டர் பரிந்துரைக்கிறது. கடும் பற்றாக்குறையில் 22 லிட்டர் என்று குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. 140 மரத்துக்கு 65 வீதம் 9,100 லிட்டர், கைக்கு எட்டாது. 22 வீதம் 3,080. மேட்டுக்காரருக்கு 6,000 இருக்கிறதே என்று எல்லா மரத்துக்கும் நாற்பது லிட்டர் விடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மரத்துக்கு 25 வீதம் விட்டு, மீதியைத் தொட்டியில் வைத்தார். சித்திரையில் ஊத்து இன்னும் குறையும் என்ற கணக்கு அது, அப்படியே குறைந்தது. வட்டப்பாத்தியில் ஆறடிச் சுற்றுக்கு உரிமட்டையை முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பினார். 25 லிட்டர் மேல் மண்ணிலேயே ஆவியாகாமல் வேருக்குப் போக இந்த மூடாக்கு இல்லாமல் முடியாது. பாத்தியில் வாய்க்கால் விட்டுப் பாய்ச்சியிருந்தால் 6,000 லிட்டர் சில மரத்தைத் தாண்டியிருக்காது.

பள்ளத்துக் கணக்கு கடினமானது. ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். 6,000 வீதம் சேர்த்தால் 33 நாளைக்கு ஒரு தண்ணீர். நேப்பியருக்கு எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை வேண்டும். இத்தனை நாளும் அந்த அம்மா செய்தது, இருக்கிற தண்ணீரை ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பியது. அதில் எந்தப் பாத்தியும் நனையவில்லை. இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் பதினைந்து சென்ட் புல்லை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் காயவிட்டார். பதினைந்து சென்ட்டுக்கு ஒரு தண்ணீர் 30,000 லிட்டர், எட்டு நாளுக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 3,750. நான்கு மாட்டுக்கும் வீட்டுக்கும் 600 போதும். வாய்க்காலில் மண் குடிப்பது போக மீதி கையிருப்பு. அந்தப் புல் நான்கு மாட்டுக்கும் போதாது, சோளத்தட்டு விலைக்கு வாங்கினார். ஆனால் அடுத்த மழைக்கு ஒரு ஏக்கருக்கும் நட வேண்டிய கரணை அந்தப் பதினைந்து சென்ட்டில் உயிரோடு இருந்தது.

தென்னையில் ஒரு மரமும் சாகவில்லை, குரும்பை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. தென்னையில் வறட்சியின் கணக்கு அந்த ஆண்டோடு முடியாது. பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்கி வெளியே வரவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், பாளை வெடித்துக் காய் முற்ற இன்னும் ஓராண்டு. 2017 கோடையில் உள்ளே கருவாக இருந்த பாளைகள் வாங்கிய அடி, மழை பெய்து எல்லாரும் மறந்த பிறகு, 2018லும் 2019லும் காய் எண்ணிக்கையில் தெரியும். பின்னால் உரக்கடையில் நின்று "மழை நல்லாத்தான பேஞ்சுது, காய் ஏன் குறையுது?" என்று கேட்கிறவர்கள் இந்தக் கோடையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எழுதி வைத்தது

பழைய பத்திரத்தில் இல்லாததை இருவரும் தனியாக ஒரு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார்கள். பங்கு மணியில் அல்ல, பங்கீட்டுத் தொட்டியின் இரண்டு வெட்டு வழியே. மோட்டார் எப்போது பழுதானாலும், யார் தோட்டத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தாலும் செலவு பாதிப்பாதி. ரிலேயின் எண்ணையும் டைமரையும் ஒருவர் மட்டும் மாற்றக்கூடாது. டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கக்கூடாது. வேண்டாத பங்கை வீணாக்காமல் மற்றவருக்கு விட வேண்டும், ஆனால் அப்படி விட்டதால் உரிமை போய்விடாது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் பேச்சு நீண்டது. ஒரு பருவம் விட்டுக்கொடுத்த தண்ணீரை அடுத்த பருவம் கேட்டால் கிடைக்காதோ என்ற பயம் இருந்தால், தேவையில்லாத நாளிலும் ஒவ்வொருவரும் தன் பங்கை வாய்க்காலில் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

புதுப் போர் போடுவதைப் பற்றி ஒத்த கருத்து வரவில்லை. ஐந்து ஆண்டுக்கு யாரும் போடக்கூடாது என்றார் பள்ளத்துக்காரர். தன் பூமியில் தனக்கு யார் தடை போடுவது என்றார் மேட்டுக்காரர். கடைசியில், போடுகிறவர் முப்பது நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், புதுப் போரை ஓட்டிப் பார்க்கும் நாளில் பழைய போரின் முள்ளை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். முள் இறங்கினால் என்ன செய்வது என்ற வரியைக் காலியாக விட்டே கையெழுத்துப் போட்டார்கள்.